லைவ் என்றால் யார் பேசுவார்?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை மேல்வீட்டு அக்கா செல்போனை நீட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கணக்கிலிருந்து 1,499 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது.

"தம்பி, அந்தத் தியான ஆப்பை நான் அஞ்சாம் நாளே டெலீட் பண்ணிட்டேனே. அப்புறம் எப்படிக் காசு எடுப்பான்?"

பணத்தைவிட வேறொன்றுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. "லைவ் செஷன் உண்டுன்னு போட்டிருந்தான். கவுன்சலர்கிட்ட பேசலாம்னு நினைச்சுத்தான் சேர்ந்தேன். போய்ப் பார்த்தா யாரோ ஒரு அம்மா, ஐந்நூறு பேரை உட்காரவெச்சு மூச்சு இழுங்க விடுங்கன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

அக்காவுக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. அம்மா இறந்த பிறகு ஆரம்பித்தது. படுத்தால் இரண்டு மணி வரை விழிப்பு, ஐந்து மணிக்கு எழுந்து சமையல், ஒன்பதுக்கு அலுவலகம். யாரிடமாவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது சரியான எண்ணம்தான். அவர் வாங்கியதோ ஒரு குரல் நூலகத்தின் ஆண்டுச் சந்தா. இரண்டும் ஒரே திரையில், ஒரே நீல நிறத்தில், ஒரே 'செஷன்' என்ற சொல்லோடு விற்கப்படுகின்றன.

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. முதலாவது, பதிவு செய்த குரல். எப்போதோ ஒரு ஸ்டூடியோவில் பேசி வைத்தது, நீங்கள் வேண்டும்போது ஓடுகிறது. இரண்டாவது, நேரலை வகுப்பு. ஆசிரியர் அந்த நேரத்தில் உண்மையாகவே பேசுகிறார், ஆனால் எல்லோரிடமும். உங்களை அவருக்குத் தெரியாது. மூன்றாவது, பயிற்சி பெற்ற ஒருவர் உங்களோடு மட்டும் முக்கால் மணி நேரமோ ஐம்பது நிமிடமோ உட்கார்ந்து பேசுவது. முதல் இரண்டையும் ஒருமுறை செய்து ஆயிரம் பேருக்கு விற்கலாம். மூன்றாவதை அப்படி விற்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரின் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு 1,499 ரூபாய்க்கு 'எல்லாம் அடக்கம்' என்று ஒரு ஆப் சொன்னால், அந்த 'எல்லாம்' முதல் இரண்டுக்குள் அடங்கிவிடும். எந்த விளம்பர வாசகத்தையும்விட இந்தக் கணக்கு நம்பகமானது.

உலகத்தில் அதிகம் பேர் அறிந்த ஹெட்ஸ்பேஸை எடுத்துக்கொள்வோம். பௌத்தத் துறவியாக இருந்து திரும்பிய ஆண்டி புடிகோம், ரிச் பியர்சன் என்பவரோடு சேர்ந்து 2010இல் லண்டனில் தொடங்கியது. ஆரம்பத்தில் பலருக்கு அது அறிமுகமானதே பத்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் என்ற இலவசத் தொடராகத்தான். வழிநடத்தும் தொடர் என்பதன் இலக்கணத்தை அதில் தெளிவாகப் பார்க்கலாம். முதலில் கண்ணைத் திறந்துகொண்டே சில ஆழ்ந்த மூச்சுகள். பிறகு கண்ணை மூடி, உடம்பு நாற்காலியில் அழுந்தும் இடத்தைக் கவனிப்பது. தலையிலிருந்து கால்வரை மனத்தால் ஒரு சுற்று. அப்புறம் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. நாள் ஏற ஏறக் குரல் குறையும், மௌனம் நீளும். சைக்கிள் பழக்குகிறவர் இருக்கையைப் பிடித்திருந்த கையை மெல்ல விடுவது போல.

இந்தப் பத்து நாளிலேயே ஒருவர் தனியாக உட்காரக் கற்றுக்கொள்ள முடியும். வியாபாரத்துக்கு அது சங்கடம். எனவே பதினோராம் நாளிலிருந்து பூட்டுப் படங்கள் வரும். கவலைக்கு ஒரு தொடர், கோபத்துக்கு ஒன்று, தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஒன்று. உள்ளே இருக்கும் பயிற்சி பெரும்பாலும் அதே மூச்சும் அதே உடல் சுற்றும்தான். பேச்சின் உவமைகள் மாறும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தியானம் என்பதே திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஆனால் பூட்டுக்குப் பின்னால் வேறு ஏதோ மருந்து இருக்கிறது என்று நினைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

இலவசம் என்பதும் எல்லா ஆப்பிலும் ஒரே பொருளில் இல்லை. காம் போன்றவற்றில் இலவசமாகக் கிடைப்பது கடைவாசலில் வைக்கும் ருசித் தட்டு. 2016 முதல் அந்த ஆப் பெயர் வாங்கியது தூக்கக் கதைகளால். அவற்றில் பெரும்பகுதி சந்தாக்காரர்களுக்கு மட்டும். இன்சைட் டைமர் இதை அப்படியே கவிழ்த்துப் போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தியானப் பதிவுகள் அங்கே இலவசம். காசு கேட்பது பாடத் தொடர்களுக்கும், இணையம் இல்லாமல் கேட்பதற்கும், பதிவை முன்னும் பின்னும் ஓட்டுவதற்கும். கடலளவு இருப்பதால் எதைக் கேட்பது என்று தேடுவதிலேயே இரவு போய்விடும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் பலருக்குத் தெரியாது. லாப நோக்கம் இல்லாத அமைப்புகள் நடத்துபவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூளையையும் தியானத்தையும் ஆராய்ந்துவரும் ரிச்சர்ட் டேவிட்சனின் குழுவிலிருந்து வந்த ஹெல்தி மைண்ட்ஸ் ப்ரோக்ராம், ஒரு அறக்கட்டளை நடத்தும் மெடிட்டோ போன்றவற்றில் பூட்டுப் படமே கிடையாது. நன்கொடையில் ஓடுகின்றன. இவற்றிலும் கவுன்சலர் இல்லை. இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தடை, மொழி. பாதித் தூக்கத்தில் ஆங்கில வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மனம் வேலை செய்தால் அது ஓய்வே இல்லை. "கண்ணை மூடு, தோளைத் தளர்த்து" என்று தமிழில் ஒருவர் சொல்வதைக் கேட்பதற்கும் அதற்கும் இரவு பதினொரு மணிக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். ஆகவே சந்தா கட்டுமுன் இலவசப் பகுதியில் தமிழ் என்று தேடி, எத்தனை பதிவுகள் வருகின்றன, அவற்றைப் பேசுபவர் மனிதர் பேசுவது போல் பேசுகிறாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

அக்காவின் தூக்கத்துக்கு வருவோம். 'ஸ்லீப் ப்ரோக்ராம்' என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று தாலாட்டு: மழைச் சத்தம், மெதுவான கதை, தணிந்த குரல். இன்னொன்று, தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை முறையை ஒட்டிய பயிற்சி. இரண்டாவதை அடையாளம் காண்பது சுலபம். அது உங்களிடம் வேலை வாங்கும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒவ்வொரு காலையும் நாட்குறிப்பு கேட்கும். ஒரு வாரக் கணக்கை வைத்து, ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைக்கச் சொல்லும். தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்லும். கேட்க இதமாக இருக்காது. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் முறை இதுதான். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை இதை ஐந்து வாரப் பயிற்சியாக்கி, இன்சோம்னியா கோச் என்ற பெயரில் இலவசமாகவே விட்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களும் தூக்க நேரத்தைக் குறைக்கும் பயிற்சியை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தூக்கம் குறைவதே அவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடும்.

அக்கா காசு கொடுத்தது மழைச் சத்தத்துக்கு.

அந்த 1,499 எப்படிப் போனது என்பதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்தோம். ஞாயிறு இரவு ஆப்பை இறக்கியிருக்கிறார். ஏழு நாள் இலவசம் என்று பெரிய எழுத்து. அதை அழுத்தியதும் யுபிஐ பின் கேட்டிருக்கிறது. இலவசத்துக்கு எதற்குப் பின் நம்பர் என்று யோசித்திருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பின்னால் அவர் பணம் கட்டவில்லை. இனிமேல் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டோபே அனுமதி கொடுத்துவிட்டார். நான்கு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் வெறுத்துப்போய் ஆப்பை நீக்கினார். எட்டாம் நாள் பணம் போனது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். தகவலும் வந்திருந்தது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்ற குறுஞ்செய்திகளுக்கு நடுவே கிடந்தது.

ஆப்பை நீக்குவது, பத்திரிகை வந்து விழும் வாசலை அடைப்பது மாதிரி. ஏஜென்டிடம் நிறுத்தச் சொன்னால்தான் பில் நிற்கும். இங்கே ஏஜென்ட், ஆப் கடை. ஆண்ட்ராய்டு போனில் Play Store திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions என்று போனால் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் வரிசையாகத் தெரியும்; ஆப்பைத் தேர்ந்து Cancel subscription அழுத்த வேண்டும். ஐபோனில் Settings, உங்கள் பெயர், Subscriptions. ஐபோன்காரர்கள் இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பட்டியலிலும் அந்த அனுமதியை ரத்து செய்யலாம்.

பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் ப்ளே ஸ்டோரிலேயே திருப்பிக் கேட்க வழி உண்டு. அக்கா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டதால் தப்பித்தார். சில நாளில் பணம் திரும்பியது. ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் ஆப் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஆண்டுச் சந்தாவையே ஏன் இத்தனை வற்புறுத்துகிறார்கள்? அந்த ஆப்பில் மாதச் சந்தா 249 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,494. அதாவது ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் கேட்டால்தான் ஆண்டுச் சந்தா லாபம். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் அமித் பௌமெலும் சகாக்களும் 93 மனநல ஆப்களின் உண்மையான பயன்பாட்டை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு நடுத்தர ஆப்பை எடுத்துக்கொண்டால், இறக்கிய நூறு பேரில் பதினைந்தாம் நாள் அதைத் திறந்தவர்கள் சுமார் நான்கு பேர்; முப்பதாம் நாள் மூன்று பேர். நானும் அந்தத் தொண்ணூற்று ஏழில் ஒருவன்தான், ஒருமுறை அல்ல. நாம் எப்போது கைவிடுவோம் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆகவே நமக்கு ஆர்வம் உச்சத்தில் இருக்கும் முதல் இரவிலேயே ஆண்டுக் காசைக் கேட்கிறார். மாதச் சந்தா ஒன்று எடுத்து, இரண்டாம் மாதமும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு மாறிக்கொள்ளலாம். 249 ரூபாய் வீணானாலும் 1,250 மிச்சம்.

இனி, கவுன்சலர். ஆப் வழியாக உண்மையான ஆலோசகர் கிடைக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப், டாக்ஸ்பேஸ் போன்றவை அதற்காகவே இருப்பவை. அங்கும் தட்டுகள் உண்டு. எழுத்தில் செய்தி அனுப்பிப் பதில் பெறுவது மட்டும் ஒரு திட்டம், மாதத்தில் இத்தனை நேரடிப் பேச்சு என்று கூட்டியது இன்னொரு திட்டம். விலையைப் பார்த்தாலே இவை தியான ஆப்கள் இல்லை என்று தெரியும். அங்கே வாரக் கட்டணமே ஒரு தியான ஆப்பின் ஆண்டுக் கட்டணத்துக்கு அருகில் வரும். ஹெட்ஸ்பேஸும் 2021இல் ஜிஞ்சர் என்ற மனநலச் சேவை நிறுவனத்தோடு இணைந்தது. ஆனாலும் தியானச் சந்தா வேறு, சிகிச்சை வேறு, கட்டணமும் வேறு. நம் நாட்டில் அமாஹா போன்றவற்றிலும் சுயபயிற்சி ஆப் ஒரு வாசல். உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ நேரம் வாங்குவது இன்னொரு வாசல், ஒவ்வொரு அமர்வுக்கும் காசு.

எனவே திட்டத்தின் பக்கத்தில் தேட வேண்டியது 'லைவ்' என்ற சொல்லை அல்ல, எண்ணை. மாதத்துக்கு எத்தனை அமர்வு, ஒன்று எத்தனை நிமிடம், அதே ஆள் அடுத்த முறையும் வருவாரா, நேரத்தை மாற்றினால் அமர்வு போய்விடுமா? தனியாள் பேச்சு உண்மையில் அடக்கமென்றால் இந்த எண்கள் கட்டாயம் எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் விற்பவருக்குச் செலவே அங்கேதான். எண்கள் இல்லாமல் `Unlimited live sessions` என்று மட்டும் இருந்தால் அது வகுப்பு. அக்காவின் ஆப்பில் நேரம் மட்டும் போட்டிருந்தது: தினம் காலை 6.30. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது இரவு ஒன்பது. அவர்கள் தூங்கப்போகும் முன் கேட்கும் வகுப்பை இவர் இட்லி ஊற்றும்போது கேட்க வேண்டும்.

எண் இருந்தாலும், எதிரே உட்காருபவர் யார் என்ற கேள்வி பாக்கி. `Coach`, `Listener`, `Counsellor`, `Therapist` எல்லாம் ஒரே வேலை இல்லை. லிசனர் பெரும்பாலும் சிறு பயிற்சி பெற்ற தன்னார்வலர். கோச் பழக்கங்களை மாற்ற உதவுபவர். நோயைக் கண்டறியவோ சிகிச்சை தரவோ அவருக்குத் தகுதி இல்லை. கவுன்சலர் என்ற பலகையை நம் ஊரில் முதுகலை உளவியல் படித்தவரும் மாட்டியிருக்கிறார், வார இறுதி வகுப்புச் சான்றிதழ் வாங்கியவரும் மாட்டியிருக்கிறார். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள மட்டும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவு எண் கேட்டு மன்றத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் மட்டுமே. சில ஆப்களில் 'உங்களோடு பேச ஒருவர் தயார்' என்று வரும் உரையாடல் பெட்டியில் பதில் எழுதுவது கணினி நிரல். அதை மனிதர் என்று நினைத்து மனத்தைக் கொட்டிய பிறகு தெரிந்துகொள்வது கசப்பானது. முதலிலேயே கேட்டுவிடலாம்.

கொட்டியது எங்கே போகிறது என்பதும் வெறும் பயம் இல்லை. பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் முதலான நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பெட்டர்ஹெல்ப் மீது குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்டச் சொல்லி அதை முடித்தது. சேரும்போது கேட்கும் 'உங்களுக்கு மனச்சோர்வு உண்டா, மாத்திரை எடுக்கிறீர்களா' என்ற நீண்ட கேள்வித்தாளுக்கு, திட்டத்தின் விலையைக் காட்டும் முன்பே பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ள உங்கள் மாத்திரை விவரம் எதற்கு?

அக்காவின் கதையில் ஒரு திருப்பம், அவர் கணவர் வழியாக வந்தது. அவர் சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஊழியர் நலத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு இத்தனை ஆலோசனை அமர்வுகள் இலவசம், குடும்பத்தாருக்கும் உண்டு என்று நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் இரண்டு வருடமாக அவர் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது. பல பெரிய நிறுவனங்கள் இப்படி மொத்தமாக வாங்கி வைத்திருக்கின்றன. கடையில் சாதாரணமாக வாங்கினால் நூலகம் மட்டும் தரும் அதே ஆப், நிறுவனக் கணக்கில் நுழைந்தால் ஆலோசகரையும் காட்டும். யார் போனார்கள், என்ன பேசினார்கள் என்பது நிர்வாகத்துக்குப் போகாது என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதியிருந்தது. அக்கா இரண்டு முறை அதைப் படிக்கச் சொன்னார்.

அங்கே முதல் நேரம் கிடைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நடுவில் ஓர் இரவு தாங்க முடியாமல் 14416ஐ அழைத்திருக்கிறார். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 முதல் நடத்தும் டெலிமானஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் உண்டு, தமிழிலும் பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பை மாற்றுவார். இலங்கையில் இதே போல 1926 என்ற எண் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருபவர்கள் எந்த ஆப்பின் பதிவையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அழைக்க வேண்டியவை இவை. பழைய காயம் பெரிதாக உள்ள சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே கவனிப்பதே படபடப்பைக் கூட்டிவிடுவதும் உண்டு. குரல் பதிவால் அதைப் பார்க்க முடியாது, அது பாட்டுக்கு 'ஆழமாக மூச்சை விடுங்கள்' என்று சொல்லிக்கொண்டே போகும்.

"அந்தப் பொண்ணு ரொம்ப ஒண்ணும் சொல்லலை தம்பி," என்றார் அக்கா மறுநாள். "அம்மா பேரு என்னன்னு கேட்டா. சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் நான்தான் பேசினேன்."

ஆலோசகரிடம் இப்போது மூன்று அமர்வு முடிந்திருக்கிறது. அவர் முதலில் கேட்டது தூக்க நாட்குறிப்பு. பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அது ஓடுகிறது. இலவச ஆப் ஒன்றில் பத்து நிமிட மூச்சுப் பதிவு ஒன்றையும் அக்கா வைத்திருக்கிறார், தமிழில் பேசுவது. ஏழாம் எண்ணுக்கு மேல் போனதில்லை, அதற்குள் அரிசி ஊற வைத்தோமா என்று ஞாபகம் வந்துவிடுகிறது என்கிறார்.